படமாக வந்த பின்னக் கணக்கு

சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் பக்கத்து வீடுகளில் வீட்டுப்பாடம் பல நாள் காகிதமாக வருவதில்லை. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு படமாக வந்து விழுகிறது. பிள்ளைக்கு அன்று காய்ச்சல் என்றாலோ, தாளைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு வந்தாலோ, அடுத்த வீட்டுப் பிள்ளையின் தாளைப் படமெடுத்து அனுப்பச் சொல்கிறோம். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவதற்கான அத்தியாயம் இது. எடுத்துக்கொள்ளும் பாடம், பகுதிகள் வெவ்வேறாக உள்ள பின்னங்களைக் கூட்டுவதும் வந்த விடையைச் சுருக்குவதும்.

எல்லா வகைக் கணக்கையும் இங்கே பார்க்கப் போவதில்லை. ஒரே ஒரு கணக்கை எடுத்து, படத்திலிருந்து பிரித்து எழுதுவதில் தொடங்கி கடைசி விடை வரை போவோம். மாதிரித் தாளின் தலைப்பு 'கூட்டிச் சுருக்குக' என்றிருக்கிறது. கணக்கு இது:

1/6 + 3/10

கோட்டுக்கு மேலே உள்ளதைத் தொகுதி என்றும் கீழே உள்ளதைப் பகுதி என்றும் தமிழ்வழிப் புத்தகம் சொல்லும். ஆங்கிலவழியில் படிக்கும் பிள்ளை நியூமரேட்டர், டினாமினேட்டர் என்று சொல்வான். எந்தப் பெயரை வைத்தாலும் செய்யும் வேலை ஒன்றுதான்.

முதலில் படத்தைப் படியுங்கள்

படத்தில் பின்னம் கெட்டுப்போவதற்குச் சில வழக்கமான இடங்கள் உண்டு. 6-இன் மேல்வளைவு மூடிக்கொண்டு 8 போலத் தெரியும். 10-இன் சுழி அச்சில் மங்கினால் 16 என்று படித்துவிடுவோம். கையால் எழுதிய தாளென்றால் 1-உம் 7-உம் குழம்பும். இவற்றைவிட மோசமானது பின்னக்கோடு. கோடு போட்ட நோட்டில் எழுதிப் படமெடுக்கும்போது, பின்னக்கோடு நோட்டின் கோட்டோடு ஒன்றிக் காணாமல் போய்விடும். அப்போது மேலே ஒரு 3, கீழே ஒரு 10 என்று இரண்டு தனி எண்கள் நிற்கும். கலப்புப் பின்னத்தில் ஆபத்து இன்னும் அதிகம். ஒன்றும் முக்காலும் என்று எழுதியது, இடைவெளி நெருங்கினால் 13/4 ஆகிவிடும். ஒன்று இரண்டுக்கும் குறைவு, மற்றது மூன்றேகால்.

திரையில் விரலை வைத்து விரித்துப் பார்ப்பது ஓரளவுதான் உதவும். வாட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும் படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. போன விவரம் விரித்துப் பார்ப்பதால் திரும்பி வராது. அனுப்பியவரிடம் அதே படத்தை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். கோப்பு அப்படியே வரும். புதிதாக எடுக்க முடியுமென்றால், தாளை மேசையில் மடிப்பு நீக்கி விரித்து, ஜன்னல் பக்கத்து வெளிச்சத்தில், நேர் மேலிருந்து, நான்கு மூலையும் விழும்படி எடுக்கச் சொல்ல வேண்டும். பிளாஷ் வேண்டாம். வழவழப்பான தாளில் அது விழும் இடம் வெள்ளையாக வெளுத்து, அங்கே இருக்கும் எண் தெரியாமல் போகும்.

அடுத்து, படத்தைப் பார்த்தபடியே கணக்குப் போடாதீர்கள். கணக்கை முதலில் நோட்டில் எழுதிவிட்டு, எழுதியதைப் படத்தோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். ஐயம் இருக்கும் எண்ணுக்குக் கீழே ஒரு புள்ளி வையுங்கள். நம் மாதிரித் தாளில் 6-இன் கீழே அந்தப் புள்ளி தேவைப்படுகிறது. அது 8 ஆகவும் இருக்கலாம்.

இங்கே தலைப்பு கொஞ்சம் துப்புக் கொடுக்கும். 'சுருக்குக' என்று இருப்பதால் இரண்டு வாசிப்பையும் போட்டுப் பார்க்கலாம். 1/8 + 3/10 என்றால் விடை 17/40. அதில் சுருக்குவதற்கு ஒன்றுமில்லை. 1/6 + 3/10 என்றால் சுருங்கும் விடை வருகிறது. ஆக 6 என்பதற்கே வாய்ப்பு அதிகம். இதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சுருக்கச் சொல்லும் தாளிலும் சுருங்காத கணக்கு ஒன்றிரண்டை ஆசிரியர்கள் வேண்டுமென்றே கலந்து வைப்பார்கள். குழுவில் இன்னொரு பெற்றோரிடம் 'மூன்றாவது கணக்கில் கீழே ஆறா எட்டா?' என்று ஒரு வரி கேட்டுவிடுவதே நிச்சயம்.

விடை எங்கே விழும்?

பென்சில் எடுப்பதற்கு முன்னால் மனக்கணக்காக ஓர் எல்லை போட்டுக்கொள்ளுங்கள். 3/10 என்பது மூன்றில் ஒன்றை விடச் சற்றுக் குறைவு. மூன்றில் ஒன்றோடு ஆறில் ஒன்றைச் சேர்த்தால் சரியாக அரை. ஆகவே நம் விடை அரையைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். 3/10-ஐ விடக் கூடுதலாகவும் இருக்க வேண்டும், ஏனென்றால் அதோடுதான் இன்னொன்றைச் சேர்க்கிறோம். கீழெல்லை 3/10, மேலெல்லை 1/2. இதை நோட்டின் ஓரத்தில் எழுதி வையுங்கள். பின்னால் வரும் பிழைகளில் பாதியை இந்த ஒரு வரியே பிடித்துக் கொடுக்கும்.

முதல் பிழை எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

"மேலயும் கூட்டினேன், கீழயும் கூட்டினேன்மா. நாலு பை பதினாறு. சுருக்கினா ஒன் பை ஃபோர்."

"சரி கண்ணா. பத்துல மூணு பெருசா, கால் பெருசா?"

"பத்துல மூணுதான் பெருசு."

"அப்போ பத்துல மூணோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா, எப்படிடா காலாகக் குறையும்?"

இந்தக் கேள்விக்குப் பிறகு விதியைச் சொன்னால் நிற்கும். கேள்வி இல்லாமல் 'கீழே கூட்டக் கூடாது' என்று மட்டும் சொன்னால் அடுத்த வாரம் மறுபடி வரும். கவனியுங்கள்: பிழையான 4/16-ஐப் பிள்ளை ஒழுங்காகவே சுருக்கியிருக்கிறான். 1/4 என்ற விடை பார்க்க அவ்வளவு லட்சணமாக இருப்பதால்தான் அது தப்பித்துப் போகிறது. விடை அழகாக இருப்பதை வைத்துச் சரி என்று முடிவு கட்டாதீர்கள்.

பொதுப் பகுதி

ஆறில் ஒரு பங்கும் பத்தில் ஒரு பங்கும் அளவில் வேறு துண்டுகள். ஒரே அளவுத் துண்டாக வெட்டினால்தான் எண்ண முடியும். ஆறாகவும் பிரியக்கூடிய, பத்தாகவும் பிரியக்கூடிய ஒரு எண் வேண்டும். பெரிய பகுதியை எடுத்து அதன் மடங்குகளைச் சொல்லிக்கொண்டே போங்கள்: 10, 20, 30. பத்து ஆறால் மீதியின்றி வகுபடாது. இருபதும் வகுபடாது. முப்பது வகுபடும். அங்கே நிறுத்துங்கள். அதுதான் மீ.சி.ம, அதாவது மீச்சிறு பொது மடங்கு, பிள்ளைகள் எல்.சி.எம். என்பார்கள். ஆறாம் வகுப்பு அளவிலான எண்களுக்கு இந்த வழியே போதும். பகாக் காரணி வகுத்தலை இதற்காக விரிக்க வேண்டியதில்லை.

இனி ஒவ்வொரு பின்னமும் முப்பதாக மாற வேண்டும். 6-ஐ 5-ஆல் பெருக்கினால் 30. ஆகவே மேலே உள்ள 1-ஐயும் 5-ஆல் பெருக்க வேண்டும். 10-ஐ 3-ஆல் பெருக்கினால் 30. மேலே உள்ள 3-ஐயும் 3-ஆல் பெருக்க வேண்டும்.

1/6 = 5/30

3/10 = 9/30

5/30 + 9/30 = 14/30

பகுதி 30 கூட்டலில் மாறாது. அது துண்டின் அளவு; எண்ணிக்கை மட்டும்தான் கூடுகிறது. கீழே மட்டும் பெருக்கிவிட்டு மேலே விட்டுவிடுவது இங்கே நடக்கும் பிழை: 1/30 + 3/30 = 4/30. இது 3/10-ஐ விடக் குறைவு, கீழெல்லைக்குக் கீழே போய்விட்டது. உடனே தெரிந்துவிடும்.

சில வகுப்புகளில் குறுக்குப் பெருக்கல் சொல்லித் தருகிறார்கள். 1-ஐ 10-ஆல், 3-ஐ 6-ஆல் பெருக்கிக் கூட்டி மேலே எழுதி, கீழே 6-ஐயும் 10-ஐயும் பெருக்கி எழுதுவது. 28/60 வரும். இதுவும் சரியே. ஆனால் இதைச் சுருக்க 4-ஆல் வகுக்க வேண்டும். பிள்ளைகள் பெரும்பாலும் 2-ஆல் ஒருமுறை வகுத்து 14/30 என்று எழுதிவிட்டு, வேலை முடிந்தது என்று நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு பகுதிக்கும் பொதுக் காரணி இல்லாதபோது, உதாரணமாக 3-உம் 5-உம், குறுக்குப் பெருக்கலும் மீ.சி.ம முறையும் ஒன்றே. பொதுக் காரணி இருக்கும்போது குறுக்குப் பெருக்கல் சுருக்கும் வேலையைக் கூட்டிவிடுகிறது. நான் மீ.சி.ம பக்கம்தான்.

பொதுப் பகுதியைச் சிறிதாக எடுப்பது புதிய யோசனை அல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில் இராஷ்டிரகூட அரசன் அமோகவர்ஷனின் காலத்தில் கன்னட நாட்டில் வாழ்ந்த மகாவீரர், தம் கணித சார சங்கிரகத்தில் பகுதிகளின் மீச்சிறு பொது மடங்குக்கு 'நிருத்தம்' என்று பெயர் வைத்து, பின்னங்களை அதற்கு மாற்றிக் கூட்டும் வழியைச் சொல்லியிருக்கிறார். அந்த நூலை மா. ரங்காச்சார்யா ஆங்கில மொழிபெயர்ப்போடு பதிப்பிக்க, அது 1912-இல் சென்னை அரசு அச்சகத்தில் வெளிவந்தது.

சிறு படம்

கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஆறு கட்டம் அகலம், ஐந்து கட்டம் உயரம் வைத்து ஒரு செவ்வகம் வரையுங்கள். உள்ளே முப்பது சதுரம். இந்தச் செவ்வகம் முழுவதும்தான் ஒன்று. முப்பது ஏன் வந்தது என்பதை இந்தச் செவ்வகம் கண்ணெதிரே காட்டிவிடும். நெடுக்காக ஆறு பத்திகள். ஆகவே ஆறில் ஒன்று என்பது ஒரு பத்தி, ஐந்து சதுரம். குறுக்காக ஐந்து வரிசைகள். ஒவ்வொரு வரிசையையும் பாதியாகப் பிரித்தால் பத்து அரை வரிசைகள். ஆகவே பத்தில் ஒன்று என்பது மூன்று சதுரம், பத்தில் மூன்று என்பது ஒன்பது சதுரம். இருபது சதுரம் உள்ள செவ்வகத்தில் பத்தில் ஒன்றைக் காட்டலாம். ஆறில் ஒன்றைக் காட்டச் சதுரத்தை உடைக்க வேண்டியிருக்கும்.

இப்போது வண்ணம். இடத்தைப் பற்றிக் கவலைப்படாமல் மேல் வரிசையின் இடது ஓரத்திலிருந்து தொடங்கி, எழுதுவது போல வரிசையாக நிரப்புங்கள். முதலில் ஆறில் ஒன்றுக்கான ஐந்து, அதை ஒட்டியே பத்தில் மூன்றுக்கான ஒன்பது.

```
■ ■ ■ ■ ■ ▲
▲ ▲ ▲ ▲ ▲ ▲
▲ ▲ □ □ □ □
□ □ □ □ □ □
□ □ □ □ □ □
```

முப்பதில் பதினான்கு நிரம்பியிருக்கிறது. பாதி என்றால் பதினைந்து, ஒன்று குறைகிறது. ஓரத்தில் எழுதி வைத்த 'அரையைவிடச் சற்றுக் குறைவு' இதுதான்.

வரிசையாக நிரப்பச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பத்தியில் ஐந்தை ஒரு பக்கமும், அரை வரிசைகளில் ஒன்பதை இன்னொரு பக்கமும் போட்டால் இரண்டும் ஒரே சதுரத்தில் மோதிக்கொள்ளலாம். பிள்ளை அந்தச் சதுரத்தை ஒருமுறைதான் எண்ணுவான். அதோடு, சுருக்குவதையும் இதே படத்தில் காட்டலாம். பக்கத்துப் பக்கத்துச் சதுரங்களை இரண்டிரண்டாகச் சேர்த்து வட்டமிடுங்கள். வரிசைக்கு மூன்று சோடி, மொத்தம் பதினைந்து சோடி. அதில் நிரம்பியவை ஏழு. அரைகுறையாக நிரம்பிய சோடி ஒன்றுகூட இல்லை. பதினான்கு சதுரம் அப்படியே இருக்க, 14/30 என்பது 7/15 ஆகிவிட்டது. சுருக்குவதால் அளவு குறைவதில்லை என்பதை ஐந்து வரிசைப் படம் காட்டுவது போல வாய்ப்பேச்சு காட்டாது. 'சுருக்கினா சின்னதாயிடுமா?' என்று கேட்கும் பிள்ளைக்கு இந்த வட்டங்களைப் போட்டுக் காட்டுங்கள்.

எந்த எண்ணால் சுருக்குவது?

சுருக்கும்போதுதான் நேரம் வீணாகிறது. 2-ஆல் போகுமா, 3-ஆல் போகுமா, 5-ஆல், 7-ஆல் என்று பிள்ளை தடவிக்கொண்டே இருப்பான். கடைசியில் இன்னும் சுருங்குமோ என்ற ஐயம் தீராது. இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. பள்ளிப் பாடத்தில் இதை அவ்வளவாகச் சொல்வதில்லை.

மீ.சி.ம வழியில் இரண்டு பின்னங்களைக் கூட்டியிருந்தால், தொடக்கத்தில் இருந்த இரண்டு பகுதிகளுக்கும் பொதுவான காரணிகளை மட்டும் சோதித்தால் போதும். 6-க்கும் 10-க்கும் பொதுவானது 2 மட்டும்தான். ஆகவே 14/30-ஐ 2-ஆல் வகுக்க முடியுமா என்று மட்டும் பாருங்கள். முடிகிறது, 7/15. இனி 3-ஆல், 5-ஆல் போகுமா என்று பார்க்கவே வேண்டாம்.

காரணத்தைக் கையாலேயே தொட்டுப் பார்க்கலாம். 30-இல் உள்ள 3 என்ற காரணி 6-இலிருந்து மட்டும் வந்தது. 10-இல் 3 இல்லை. அதனால் 3/10-ஐ முப்பதாக்கும்போது தொகுதியை 3-ஆல் பெருக்க வேண்டியிருந்தது. 9 என்பது 3-இன் மடங்கு. 1/6-ஐ மாற்றியபோது வந்த 5 அப்படியல்ல. மூன்றின் மடங்கோடு மூன்றின் மடங்கு அல்லாத ஒன்றைக் கூட்டினால், கூட்டுத்தொகை மூன்றின் மடங்காக இருக்கவே முடியாது. இதே வாதத்தை 5-க்கும் சொல்லலாம்: 5-இன் மடங்கான 5-உம், மடங்கல்லாத 9-உம். இரண்டு பகுதியிலும் இருக்கும் 2 மட்டுமே இந்த வாதத்தில் சிக்காது. அதனால்தான் அதைச் சோதிக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு கணக்கில் பார்ப்போம். 1/12 + 7/15. பதினைந்தின் மடங்குகள் 15, 30, 45, 60. அறுபதில் 12 நுழையும். 5/60 + 28/60 = 33/60. 12-க்கும் 15-க்கும் பொதுக் காரணி 3. 33-உம் 3-ஆல் வகுபடும், 11/20. முடிந்தது.

வழிக்கு ஒரு நிபந்தனை உண்டு, மறந்தால் கவிழ்த்துவிடும். கொடுத்த இரண்டு பின்னமும் ஏற்கெனவே சுருங்கியிருக்க வேண்டும். 3/6 + 1/4 என்று தாளில் இருந்தால், 6/12 + 3/12 = 9/12. 6-க்கும் 4-க்கும் பொதுக் காரணி 2. 9 இரண்டால் வகுபடாது. ஆகவே சுருங்காது என்று எழுதினால் தவறு, 9/12 என்பது 3/4. கோளாறு 3/6-இல் இருக்கிறது. அதை முதலில் 1/2 ஆக்கிவிட்டுத் தொடங்க வேண்டும். மூன்று பின்னங்களைக் கூட்டும்போதும் இரண்டிரண்டாகக் கூட்டி, நடு விடையைச் சுருக்கிவிட்டு அடுத்ததைச் சேர்த்தால் இந்த வழி செல்லும்.

சுருக்குவதைப் பற்றிப் பேசும்போது இன்னொரு பிழையையும் சொல்ல வேண்டும். பெருக்கல் பாடம் முடிந்த பிறகு இது தலைகாட்டும். 1/6 + 3/10 என்பதில் கீழே உள்ள 6-ஐயும் குறுக்கே மேலே உள்ள 3-ஐயும் அடித்து, 1/2 + 1/10 என்று எழுதிவிடுவார்கள். விடை 6/10, அதாவது 3/5. குறுக்காக அடிப்பது பெருக்கலில் மட்டும் செல்லும். நடுவே கூட்டல் குறி இருந்தால் செல்லாது. அரைக்கு மேலே போய்விட்டதால் ஓரத்தில் எழுதிய மேலெல்லை இதையும் பிடித்துவிடும். படத்தில் கூட்டல் குறி மங்கிப் பெருக்கல் குறி போலத் தெரிந்தாலும் பிள்ளை இப்படிக் குறுக்காக அடிப்பான். ஆகவே திட்டுவதற்கு முன் படத்தை ஒருமுறை பாருங்கள்.

கிரவுண்டில் சரிபார்ப்பது

விடையைச் சோதிக்க இந்தப் பக்கத்து ஆட்களுக்குக் கைவசம் ஒரு நல்ல எண் இருக்கிறது. தாம்பரம், சேலையூர், செம்பாக்கம் எங்கும் மனையை கிரவுண்டில்தான் பேசுகிறோம். ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. அரை கிரவுண்டு 1200, கால் கிரவுண்டு 600 என்று பிள்ளைகளும் வீட்டுப் பேச்சில் கேட்டிருப்பார்கள்.

2400-ஐ 6-ஆல் வகுத்தால் 400. பத்தால் வகுத்தால் 240, அதன் மூன்று மடங்கு 720. இரண்டையும் கூட்டினால் 1120 சதுர அடி. இனி விடையைச் சோதியுங்கள்: 2400-ஐ 15-ஆல் வகுத்தால் 160, ஏழு மடங்கு 1120. பொருந்துகிறது. முன்னால் பார்த்த இரண்டாவது கணக்கும் அப்படியே: பன்னிரண்டில் ஒன்று 200, பதினைந்தில் ஏழு 1120, மொத்தம் 1320, இருபதில் பதினொன்றும் 1320.

2, 3, 4, 5, 6, 8, 10, 12, 15, 16, 20, 24 என்று பயிற்சித்தாளில் அடிக்கடி வரும் பகுதிகள் எல்லாவற்றாலும் 2400 மீதியின்றி வகுபடும். சொல்லப்போனால் 2400-ஐயே ஒரு பெரிய பொதுப் பகுதியாகத்தான் இங்கே பயன்படுத்துகிறோம். 7, 9, 11 போன்றவை வந்தால் கிரவுண்டு கைவிட்டுவிடும். அப்போது விடையிலிருந்து ஒரு பின்னத்தைக் கழித்து மற்றது வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

நம் முன்னோர் கணக்கிலும் இப்படி ஒரு பெரிய பொதுப் பகுதி இருந்தது. முந்திரி என்பது 320-இல் ஒன்று. காணி 4 முந்திரி, மா 16, மாகாணி 20, அரைக்கால் 40, கால் 80, அரை 160. காலையும் நாலு மாவையும் கூட்ட வேண்டுமென்றால் 80-உம் 64-உம் 144 முந்திரி. அது இருபதில் ஒன்பது. பகுதியைத் தேடும் வேலையே இல்லை. 320-இல் 3 என்ற காரணி இல்லாததால் மூன்றில் ஒன்றையும் ஆறில் ஒன்றையும் முழு முந்திரியாகச் சொல்ல முடியாது. நம் 1/6-க்கு முந்திரி உதவாது, கிரவுண்டு உதவும்.

ஒன்றைத் தாண்டினால்

5/6 + 3/4. பொதுப் பகுதி 12. 10/12 + 9/12 = 19/12. 6-க்கும் 4-க்கும் பொதுக் காரணி 2, 19 ஒற்றைப்படை, சுருங்காது. தொகுதி பகுதியைவிடப் பெரிதாக இருப்பதால் கலப்புப் பின்னமாக எழுத வேண்டும்: 19-இல் 12 ஒருமுறை, மீதி 7. ஆகவே 1 7/12.

இங்கே படம் ஒரு தனிப் பிழையைக் கொண்டுவரும். நான்கு கட்டம் அகலம், மூன்று கட்டம் உயரமுள்ள செவ்வகம் ஒன்று போதாது. இரண்டு வரைய வேண்டும். இரண்டையும் ஒட்டி வரைந்துவிட்டால் பிள்ளை மொத்தம் இருபத்து நான்கு சதுரம் என்று எண்ணி, 19/24 என்று எழுதுவான். நிரம்பிய சதுரங்களை எண்ணியது சரி. எதை ஒன்று என்று வைத்தோம் என்பது தவறிவிட்டது. செவ்வகங்களைத் தள்ளி வரைந்து, ஒவ்வொன்றின் மேலும் '1' என்று பெரிதாக எழுதச் சொல்லுங்கள். அப்போது முதல் செவ்வகம் நிரம்பி, இரண்டாவதில் பன்னிரண்டில் ஏழு நிரம்பியிருப்பது தெரியும். கிரவுண்டிலும் பாருங்கள்: 2000-உம் 1800-உம் 3800. ஒரு கிரவுண்டு போக மீதி 1400. அது 2400-இல் பன்னிரண்டில் ஏழு.

விடையைத் திருப்பி அனுப்பும்போது

ஆசிரியர் படத்தில்தான் திருத்துவார் என்றால், தாளைப் படித்தபோது உங்களுக்கு வந்த தொல்லை அவருக்கும் வரும். வெளிர்ப் பென்சில் வேண்டாம். பின்னக்கோட்டை நோட்டின் கோட்டின்மேல் போடாமல், இரண்டு கோடுகளுக்கு நடுவே வரும்படி, ஒரு பின்னத்துக்கு இரண்டு வரி இடம் விட்டு எழுதச் சொல்லுங்கள். கலப்புப் பின்னத்தில் முழு எண்ணைப் பெரிதாக எழுத வேண்டும். 5/30 + 9/30 என்ற நடு வரியை விடக் கூடாது. கடைசி விடை தவறியிருந்தால் எங்கே தவறியது என்பதை அந்த வரியில்தான் பார்ப்பார்கள். 14/30-ஐ அழித்துவிட்டு 7/15 எழுதுவதைவிட, சமக்குறி போட்டு அடுத்து எழுதுவது நல்லது. வட்டமிட்ட சிறு படத்தையும் பக்கத்திலேயே விட்டுவிடலாம்.

நீங்கள் முதலில் தனியாகப் போட்டுப் பார்க்க ஒன்று: 5/6 + 4/15. எல்லையை ஓரத்தில் எழுதிவிட்டு, இதே ஆறுக்கு ஐந்து செவ்வகத்தில் வரையுங்கள். ஒரு செவ்வகம் முழுக்க நிரம்பி, அடுத்ததில் மூன்று சதுரம் நிரம்ப வேண்டும். 6-க்கும் 15-க்கும் பொதுக் காரணி 3. 33/30 அதனால் சுருங்கி 11/10 ஆகும். விடை 1 1/10; கிரவுண்டில் 2640 சதுர அடி.